கைக்குழந்தைக்குக் காரில் மடி போதாது



கைக்குழந்தையோடு காரில் செல்லும்போது நம் குடும்பங்களில் ஓர் எழுதப்படாத முறை இருக்கிறது. வீட்டின் மூத்த பெண்மணி பின்னிருக்கையில் வசதியாக அமர்ந்துகொள்வார். குழந்தையை மெல்லிய துணியில் சுற்றி அவர் மடியில் கொடுப்பார்கள். அவர் பிடித்திருக்கிறார் என்றால் மற்றவர்களுக்குக் கவலை இல்லை. எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தெடுத்த கைகள் அவை. அந்தக் கைகளின் அன்பிலும் அனுபவத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கார் ஒன்றில் மோதி நிற்கும் நொடியில் எந்த மனிதக் கைக்கும் ஒரு கைக்குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலிமை கிடையாது. இதை உணர்ச்சிவசப்படாமல், கணக்காகவே விளக்க முடியும். எங்கள் வீட்டிலும் கணக்காகத்தான் விளக்க நேர்ந்தது.

நாங்கள் ஷார்ஜாவில் வசிக்கிறோம். மகள் பிறப்பதற்கு முன்பே உம்மா காயல்பட்டினத்திலிருந்து வந்துவிட்டார்கள். குழந்தைக்கான கார் சீட்டை வாங்கி வந்து கூடத்தில் வைத்தபோது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "பச்சப் புள்ளய இதுல போட்டுக் கட்டவா போறிய? என் மடிய விட இது பத்திரமா வாப்பா?" என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். எனவே ஒரு தாளை எடுத்து உம்மாவுக்கு அருகில் அமர்ந்தேன்.

கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஊருக்குள் ஓட்டும் சாதாரண வேகம்தான். அது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்தக் கார் ஒரு சுவரில் மோதுகிறது. அதன் முன்பகுதி 60 சென்டிமீட்டர் அளவுக்கு நசுங்கி, கார் நின்றுவிடுகிறது. இவ்வளவும் நடந்து முடிய ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தச் சிறு பொழுதுக்குள் வினாடிக்கு 14 மீட்டர் என்ற வேகம் பூஜ்யமாக வேண்டும். காரோடு பிணைக்கப்பட்டிருக்கும் எந்தப் பொருளையும் இப்படி நிறுத்துவதற்கு, அதன் எடையைப் போல ஏறத்தாழ 16 மடங்கு விசை தேவை. குழந்தையின் எடை 5 கிலோ என்றால் 80 கிலோ. அதாவது 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை ஒருசேர மடியில் போட்டு, அவை நழுவாமல் பிடிக்க வேண்டும். அதுவும் இது நடக்கப்போகிறது என்று அறிவதற்கு முன்பாகவே. கண்ணிமைத்து முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கை இறுகுவதற்குக்கூட அவகாசம் இராது.

இன்னொரு விதமாகவும் இதைச் சொல்லலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம். மூன்றாவது மாடியின் உயரம் அது. மொட்டைமாடியின் விளிம்பில் பேரக்குழந்தையோடு நிற்க நம் உம்மாமார்கள் ஒருபோதும் சம்மதிக்கமாட்டார்கள். காரில் அந்த உயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு.

"நான்தான் எத்தனயோ தடவ பிரேக் போட்டப்பவும் புள்ளய இறுக்கிப் புடிச்சிருக்கேனே" என்றார்கள் உம்மா. நியாயமான பேச்சு. நம் எல்லோரையும் ஏமாற்றுவதும் இந்த அனுபவம்தான். எவ்வளவு வேகமாக பிரேக்கை மிதித்தாலும் டயர்கள் சாலையைப் பற்றும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அப்போது 5 கிலோ குழந்தை முன்னோக்கி இழுக்கும் விசை 4 அல்லது 5 கிலோதான். அதை யாராலும் பிடித்துவிட முடியும். இப்படிப் பல ஆண்டுகள் பிடித்த கை, மோதலையும் தாங்கிவிடுவோம் என்று நம்பத் தொடங்குகிறது. பிரேக் போடுவது வேறு, மோதுவது வேறு. இரண்டுக்கும் இடையே பதினாறு மடங்கை ஒட்டிய வேறுபாடு இருக்கிறது.

மெதுவாக ஓட்டினாலும் இந்தக் கணக்கு நம் பக்கம் வருவதில்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, முன்பகுதி 30 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் அதே குழந்தையைத் தடுக்க 40 கிலோ விசை வேண்டும். குழந்தையை மடியில் வைத்திருப்பவர் பெல்ட் அணிந்திருந்தால் அவர் நிற்பார். குழந்தை கையைவிட்டு, கார் ஓடிய அதே வேகத்தில் முன்னிருக்கையை நோக்கிச் செல்லும். அவர் பெல்ட் அணியாதிருந்தால் நிலைமை இன்னும் கடினம். அவருடைய முழு உடலும் முன்னோக்கிப் பாய, குழந்தை அவருக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும். இருவரையும் ஒரே பெல்ட்டுக்குள் வைத்துக் கட்டுவதும் தீர்வாகாது. பெரியவரின் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும். மார்போடு குழந்தையைக் கட்டிக்கொள்ளும் துணித்தூளிகள் நடப்பதற்கு நல்லவை, காருக்கானவை அல்ல.

உம்மா தாளை நெடுநேரம் பார்த்தார்கள். "அல்லாஹ் காப்பாத்துவான்" என்றார்கள். நிச்சயமாகக் காப்பவன் அவனே. எனினும் ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவியவரிடம், கட்டிவைத்துவிட்டுப் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் இடம்பெற்றிருப்பதை உம்மா அறிவார்கள். சிறுவயதில் எங்களுக்குச் சொல்லித்தந்ததே அவர்கள்தாம். தவக்குல் என்பது கட்டும் கயிற்றுக்கு மாற்று அல்ல, கட்டியபின் வருவது. குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கட்டும் கயிறு எது, எப்படிக் கட்டுவது என்று அறிந்துகொள்வது நம் கடமைக்குள் அடங்கும்.

அடுத்து உம்மா கேட்டது, ஏன் குழந்தை பின்பக்கம் பார்த்து அமர வேண்டும் என்பது. "மொகத்தப் பாக்க முடியாதே" என்பது அவர்களின் வருத்தம்.

கைக்குழந்தையின் உடலில் தலை மிகப் பெரியது. பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தோ இன்னும் முற்றவில்லை. கழுத்தெலும்பு ஒவ்வொன்றும் ஒரே துண்டாக இல்லாமல், குருத்தெலும்பால் இணைந்த சில துண்டுகளாக இருக்கிறது. அவை ஒன்றாகக் கூடி எலும்பாக இறுகச் சில ஆண்டுகள் ஆகும். இந்த நிலையில் குழந்தையை முன்நோக்கி அமர்த்திப் பட்டைகளால் கட்டினால், மோதலின்போது உடல் பட்டைகளில் நிற்கும். தலை மட்டும் நிற்காமல் முன்னே இழுக்கும். அந்த இழுப்பு முழுவதையும் கழுத்து ஒன்றே தாங்க வேண்டும். கழுத்து நீண்டுகொடுக்கும் அளவுக்கு அதனுள் இருக்கும் தண்டுவடம் நீண்டுகொடுக்காது. வெளியே காயமே தெரியாமல் உள்ளே பேரிழப்பு நேர்வது இவ்வாறுதான்.

பின்நோக்கி அமர்த்தினால் நடப்பது வேறு. கார் நிற்கும்போது குழந்தை காரின் முன்பக்கமாகச் செல்ல முயல்கிறது. அந்தத் திசையில் இருப்பது இருக்கையின் சாய்மானம். எனவே தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் அதில் அழுந்துகின்றன. விசை முதுகு முழுவதும் பரவிவிடுகிறது. தலை தனியாக எங்கும் இழுக்கப்படுவதில்லை. ஒரு தாய் தன் உள்ளங்கையைக் குழந்தையின் பிடரிக்கடியில் வைத்துத் தூக்குகிறாள் அல்லவா? அந்த இருக்கை செய்வதும் அதுதான். இதைச் சொன்னபோதுதான் உம்மாவின் முகம் தெளிந்தது.

இந்தச் சிந்தனை புதியதும் அன்று. சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் கிளம்பும் விசையை முதுகால் தாங்குமாறு படுத்திருப்பதைக் கண்டு, அதே முறையைக் குழந்தைகளுக்குப் பொருத்திப் பார்த்தார். 1964-இல் அத்தகைய இருக்கையின் முதல் மாதிரி ஒரு வால்வோ காரில் சோதிக்கப்பட்டது. சுவீடனில் நான்கு வயது வரையிலும் பிள்ளைகளைப் பின்நோக்கி அமர்த்தும் பழக்கம் அங்கிருந்து வளர்ந்ததே.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையோ மெத்தையின் மென்மையையோ முதலில் பார்க்கத் தேவையில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதன் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் சான்றுச் சீட்டு. ஐரோப்பிய முறைப்படி வந்தவற்றில் அது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பழைய விதியான ஆர் 44, இருக்கைகளைக் குழந்தையின் எடையைக் கொண்டு பிரிக்கிறது. அதில் கைக்குழந்தைக்கானது 13 கிலோ வரை. புதிய விதியான ஆர் 129 உயரத்தைக் கொண்டு பிரிக்கிறது. பக்கவாட்டு மோதல் சோதனையையும் கோருகிறது. குறைந்தது 15 மாதம் முடியும்வரை பின்நோக்கியே அமர்த்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் முதல் பழைய விதிப்படியான இருக்கைகளை விற்க இயலாது. ஆகவே புதிதாக வாங்குவோர் ஆர் 129 என்ற எண்ணைத் தேடுவது நல்லது. எவருடைய வீட்டிலோ பயன்படுத்திய இருக்கை கிடைத்தால், அது விபத்தில் சிக்காதது என்று கொடுப்பவரே உறுதியாக அறிந்திருக்க வேண்டும். சான்றுச் சீட்டும் கையேடும் உடன் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மோதலில் விழுந்த விரிசல் வெளியே தெரியாது.

அடுத்தது, நம் காருக்கு அது பொருந்துகிறதா என்பது. இதுவே பலர் தவறவிடும் இடம். எங்கள் கார் பழைய செடான். அதன் பின்னிருக்கையின் இரு ஓரங்களிலும் ஐஸோஃபிக்ஸ் கொக்கிகள் உண்டு. கடைக்காரர் முதலில் காட்டியது அந்தக் கொக்கிகளில் பூட்டும் அடித்தளத்தோடு வந்த இருக்கை. பூட்டுவதற்கு எளிது, சரியாகப் பூட்டினால் பச்சை நிறம் காட்டும், முன்புறம் தரையில் ஊன்றும் ஒரு கால் உண்டு. வாகன நிறுத்துமிடத்தில் காரில் வைத்துப் பார்த்தோம், நன்றாகவே நின்றது. ஆனால் பெருநாளுக்கு ஊருக்குச் செல்லும்போது காக்காவின் காரில்தான் பயணம். அந்தக் காரில் கொக்கிகள் இல்லை. எனவே காரின் சாதாரண மூன்றுமுனை பெல்ட்டாலேயே கட்டக்கூடிய இருக்கை ஒன்றைத் தேர்ந்தோம். அது இரு கார்களுக்கும் உதவும். இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. சில கார்களில் பின்னிருக்கை பெல்ட்டின் நீளம், இருக்கையைச் சுற்றி வந்து பூட்டுவதற்குப் போதாது. பணம் கொடுக்கும் முன்பே காக்காவைத் தொலைபேசியில் அழைத்து அவர் காரின் பெல்ட்டை முழுவதும் இழுத்து அளக்கச் சொன்னேன். போதுமான நீளம் இருந்தது. கொக்கிகளோ பெல்ட்டோ, ஒன்றைவிட மற்றது உயர்ந்தது என்பதில்லை. நம் காரில் சரியாக, ஒவ்வொரு முறையும் பிழையில்லாமல் பூட்ட முடிவதே நமக்கான இருக்கை. தரையில் ஊன்றும் கால் உள்ளதை வாங்குவோர், கால் நிற்குமிடத்தில் மூடியுள்ள சாமான்பெட்டி எதுவும் தரைக்கடியில் இல்லை என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த இடத்தில் பொருத்துவது என்பதில் விவாதமே இல்லை: பின்னிருக்கையில்தான். முன்னிருக்கைக்கு எதிரே ஏர்பேக் இருக்கிறது. பின்நோக்கிய இருக்கையை அங்கே வைத்தால், குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள சாய்மானம் ஏர்பேக்குக்கு மிக அருகில் வந்துவிடும். பெரியவர்களின் மார்பைத் தாங்குவதற்காக வெடித்து விரியும் அந்தப் பை, குழந்தையின் தலையை நோக்கிச் சாய்மானத்தை அறைந்துவிடும். சிறிய மோதலே உயிரைப் பறிக்க அது போதும். தாய்க்குக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றால், தாய் பின்னால் வந்து அமரட்டும். எங்கள் வீட்டில் அந்த இடம் உம்மாவுக்கே கிடைத்தது. குழந்தைக்குப் பக்கத்தில், பெல்ட் அணிந்து, அதன் முகத்தைப் பார்த்தவாறே அமர்ந்துகொண்டார்கள். முகம் தெரியாதே என்ற வருத்தமும் அதோடு தீர்ந்தது.

பொருத்தும் முறைக்கு வருவோம். காரைச் சமதளத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இருக்கையைக் காரின் பின்புறம் நோக்கி வைத்து, பெல்ட்டை நன்றாக இழுங்கள். இருக்கையின் ஓரங்களில் பெல்ட் செல்ல வேண்டிய வழி நீல நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இரு வகையாகவும் பயன்படும் இருக்கைகளில் சிவப்புக் குறி முன்நோக்கி அமர்த்துவதற்கானது, நமக்கு நீலமே. எங்களுடையதைப் போன்ற கைக்குழந்தை இருக்கைகளில் பெரும்பாலும், இடுப்புப் பெல்ட் குழந்தையின் கால்பக்கத்துக்கு மேலாக இரு நீலக் கொக்கிகளிலும் படிந்து, பூட்டில் 'கிளிக்' என்று விழ வேண்டும். தோள் பெல்ட் இருக்கையின் முதுகைச் சுற்றிச் சென்று, அங்குள்ள நீலக் கொக்கியில் நிற்க வேண்டும். இதில்தான் மிகுதியான தவறு நேர்கிறது. நண்பர்கள் சிலர் தங்கள் கார்களைப் பார்க்கச் சொன்னபோது, இடுப்புப் பெல்ட் முதுகைச் சுற்றியும் தோள் பெல்ட் குழந்தைக்கு மேலாகவும் மாறிப் போயிருந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட கார்களில் கண்டேன். வெளியே பார்த்தால் இறுக்கமாகவே தோன்றும். மோதலில் இருக்கை எழும்பிவிடும். உங்கள் இருக்கையின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள படத்தோடு ஒப்பிட்டால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பூட்டியபின் ஒரு கையால் இருக்கையைக் கார் மெத்தைக்குள் அழுத்திக்கொண்டு, மறு கையால் தோள் பெல்ட்டை இழுத்துத் தளர்வை நீக்குங்கள். பிறகு சோதனை. பெல்ட் செல்லும் இடத்துக்கு அருகில் இருக்கையைப் பிடித்து இடமும் வலமும், முன்னும் பின்னும் அசையுங்கள். அங்கே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் அதிகம் ஆடும். அது இயல்பு, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காரின் பெல்ட் பூட்டு, பிளாஸ்டிக் விளிம்பின் மேல் வளைந்து அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் மோதலில் பூட்டு உடையலாம். காரின் வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சாய்வும் பொருத்துதலின் ஒரு பகுதியே. மிக நிமிர்ந்திருந்தால் பிறந்த குழந்தையின் தலை நெஞ்சின் மேல் கவிழ்ந்து மூச்சுப்பாதை மடங்கிவிடும். மிகச் சாய்ந்திருந்தால் மோதலின்போது குழந்தை தலைப்பக்கமாக நழுவும். இருக்கையின் பக்கத்தில் ஒரு கோடோ குமிழோ இருக்கும். கார் சமதளத்தில் நிற்கையில் அந்தக் கோடு தரைக்கு இணையாக இருந்தால் சாய்வு சரி. எங்கள் காரின் மெத்தை பின்பக்கமாகச் சரிந்திருந்ததால் கோடு சற்றே விலகி நின்றது. கையேடு அனுமதித்திருந்தபடி சுருட்டிய துவாலை ஒன்றைக் கால்பக்கத்துக்கடியில் வைத்ததும் சரியாயிற்று. கையேடு அனுமதிக்காத இருக்கையில் இதைச் செய்ய வேண்டாம்.

இனி குழந்தையைக் கட்டும் பட்டைகள். பின்நோக்கி அமரும்போது தோள் பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். மேலிருந்து வந்தால் குழந்தை மேல்நோக்கி நழுவும். பட்டைகள் முறுக்கேறாமல் படிந்திருக்க வேண்டும். இழுத்து இறுக்கியபின், கழுத்தெலும்புக்கு அருகே பட்டையை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிப்பு சிக்கினால் தளர்வு இருக்கிறது. வழுக்கிச் சென்றால் சரி. "வலிக்குமே" என்று ஒரு கண்ணி தளர்த்திவிடத் தோன்றும். அந்தத் தளர்வின் அளவுக்குத்தான் குழந்தை மோதலில் பாயும். துணியில் சுற்றிய நிலையில் கட்டவும் கூடாது. கட்டியபின் குளிர்ந்தால், போர்வையைப் பட்டைகளுக்கு மேலே போர்த்துங்கள். இருக்கையோடு வராத தலையணை, மெத்தை, தலைச்சுற்றுத் துணி எதையும் உள்ளே சேர்க்க வேண்டாம். கோடையில் பூட்டின் உலோகமும் பட்டையும் பகலில் தீயாய்ச் சுடும். குழந்தையை வைக்கும் முன் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

பெருநாளுக்கு ஊருக்குச் சென்றபோது மகளுக்கு நான்கு மாதம். திருவனந்தபுரத்தில் இறங்கி, காக்காவின் காரில் காயல்பட்டினம் வரை ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அந்தக் காரில் இருக்கையைக் கட்டுவதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. வரவேற்க வந்திருந்த மாமி, "புள்ளய இங்க தா, நான் வச்சுக்கிடுதேன்" என்று கை நீட்டினார்கள். நான் விளக்கத் தொடங்கும் முன்பே உம்மா குறுக்கிட்டு, "மூணு மூட்ட அரிசிய உன்னால தாங்க முடியுமாடி?" என்றார்கள். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாகர்கோவில் வரை உம்மாதான் விளக்கிக்கொண்டு வந்தார்கள்.

நாகர்கோவிலுக்கு அருகே காரை நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்துப் பால் கொடுத்து, அரை மணி நேரம் மடியில் கிடத்தி வைத்தோம். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை அந்த இருக்கையில் வைக்கலாகாது. பிறந்த முதல் சில வாரங்களில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. வளைந்த நிலையில் மூச்சு சிறுகச் சிறுகக் குறைய வாய்ப்புண்டு என்பதே காரணம். வீட்டுக்குள் வந்தபின், தூங்குகிறதே என்று அதிலேயே விட்டுவிடாமல் சமமான படுக்கைக்கு மாற்ற வேண்டும். வழியில் அழுதால் கையை நீட்டிப் பட்டையைத் தளர்த்தக் கூடாது. ஓரமாக நிறுத்தி, எடுத்து, ஆற்றி, மீண்டும் கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பயணம் கால் மணி நேரம் நீளும், அவ்வளவே.

சட்டமும் இதையே கேட்கிறது. அமீரகத்தில் 2017 ஜூலை முதல், நான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம்; மீறினால் 400 திர்ஹம் அபராதம். இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான இருக்கையாலோ பாதுகாக்கத் தவறினால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஊரில் வாடகைக் கார் அமர்த்தும்போது, பின்னிருக்கை பெல்ட்டுகள் மெத்தைக்கடியில் புதைக்கப்படாமல் வேலை செய்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெல்ட் இல்லாத காரில் எந்த இருக்கையையும் கட்ட இயலாது.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததும் முன்பக்கம் திருப்பிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கால்கள் மடங்கிவிட்டனவே என்பதுதான் பெரும்பாலும் காரணம். கால்கள் மடங்குவதால் தீங்கில்லை. பிள்ளைகள் சம்மணமிட்டும் சாய்மானத்தில் காலை உயர்த்தியும் தாமே வசதி செய்துகொள்வார்கள். பார்க்க வேண்டியது தலையை. தலையின் உச்சி இருக்கையின் மேல் விளிம்பை நெருங்கிவிட்டாலோ, கையேட்டிலுள்ள உயரமோ எடையோ எட்டப்பட்டாலோ அந்த இருக்கை போதவில்லை என்று பொருள். அப்போதும் முன்பக்கம் திருப்புவதற்கு முன், பின்நோக்கியே அமர்த்தக்கூடிய அடுத்த அளவு இருக்கையை விசாரியுங்கள். 105 சென்டிமீட்டர் உயரம் வரையிலும் அவ்வாறு அமர்த்தும் இருக்கைகள் கிடைக்கின்றன. என் மகளுக்கு இப்போது இரண்டு வயது. தன் பட்டையைத் தானே கிள்ளிப் பார்த்து, "உம்மும்மா, கட்டியாச்சு" என்கிறாள். அதன்பின்தான் நாங்கள் பயண துஆ ஓதி வண்டியை எடுக்கிறோம்.